டிபன் பாக்ஸ் விளம்பரமும் மூன்று குறிப்புத் தாள்களும்: எந்திர மொழிபெயர்ப்பில் முதல் வரைவை எப்படித் தேற்றுவது?

எந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி இரண்டு பேச்சு அடிபடுகிறது. ஒன்று, "அதுக்குத் தமிழே வராது". இன்னொன்று, "கேட்கிற விதத்தில் கேட்டால் எல்லாம் வரும்". இரண்டுமே பாதி உண்மை. விளம்பர வாசகத்தைக் கொடுத்துவிட்டு வந்ததைப் பார்த்து முகம் சுளிப்பவர்களில் பலர், எதில் தவறு நடந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. "இன்னும் நல்லா எழுது", "கொஞ்சம் கேட்சியா எழுது" என்று மறுபடி மறுபடி கேட்கிறார்கள். எந்திரமும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத் தப்பு செய்கிறது.

ஒரு விளம்பர வரைவில் வரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். பொருள் தவறுவது, சொல் தவறுவது, பேச்சின் தன்மை தவறுவது. இவற்றுக்கு மூன்று தனித்தனி மருந்துகள்: சூழல் குறிப்பு, சொற்பட்டியல், தொனிக் குறிப்பு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் ஐந்து வரி விளம்பரம் ஒன்றை வைத்து இதைப் பார்ப்போம்.

## எண்ணெய் வாங்கப் போன பையன்

"ஓடிப்போய் எண்ணெய் வாங்கிட்டு வா" என்று ஒரு பையனை அனுப்புகிறீர்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் கடையில் அதிகம் விற்கிற பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வருவான். உங்களுக்கு வேண்டியது இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய். அவனிடம் குறை இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தை, வழக்கமாக எது நடக்குமோ அதை வைத்து நிரப்பிக்கொண்டான்.

"இட்லிப் பொடிக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எந்த எண்ணெய் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். அதுதான் சூழல். இன்ன பிராண்டு, அரை லிட்டர், வேறு எதுவும் வேண்டாம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது சொற்பட்டியல். தொனிக்கு உதாரணம் கடையில் கிடைக்காது, கல்யாண வீட்டில் கிடைக்கும். அழைப்பிதழில் "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று அச்சடிக்கிறோம். அதே கல்யாணத்துக்குப் போனில் "கண்டிப்பா வந்துடணும்" என்கிறோம். நாளும் மண்டபமும் மாறவில்லை, பேச்சு மாறிவிட்டது.

## உள்ளே என்ன நடக்கிறது

எந்திரம் ஒரு வாக்கியத்தைப் படித்து மனதில் வாங்கிக்கொண்டு எழுதுவதாக நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. இதுவரை கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வைத்து, அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிகழ்தகவு உண்டு, அதாவது அந்த இடத்தில் அது வருவதற்கான வாய்ப்பின் அளவு. பெரும்பாலும் வாய்ப்பு அதிகமுள்ளதை எடுத்து வைக்கும், பிறகு அடுத்ததற்குப் போகும். நீங்கள் மேலே எழுதிவைக்கும் ஒவ்வொரு குறிப்பும் இந்த வாய்ப்புகளை இடம் மாற்றுகிறது. குறிப்பு எடுபடுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் குறிப்பு ஏதும் இல்லாதபோது எது அதிக வாய்ப்பு? பழக்கிய தரவில் எது நிறைய இருந்ததோ அது. ஆங்கிலமும் தமிழும் வரிக்கு வரி இணையாக உள்ள உரைத் தொகுப்பை இணைத்தரவு என்பார்கள். பொதுவில் கிடைக்கும் ஆங்கில–தமிழ் இணைத்தரவுகளில் பழையதொன்று 2012-இல் வந்த என்டேம். அதில் இருந்தவை பைபிள், சினிமாச் செய்தி, பொதுச் செய்தி ஆகிய மூன்று. 2020-இல் வந்த பிஎம்இந்தியா தொகுப்பு, பிரதமர் அலுவலக இணையதளத்தின் உரைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இவற்றிலிருந்து கற்ற எந்திரத்துக்கு, ஒரு பாத்திரக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவார் என்று எங்கிருந்து தெரியும்? இன்றைய பெரிய நிறுவனங்கள் இதைவிடப் பலமடங்கு தரவு வைத்திருக்கின்றன. ஆனாலும் சாய்வு இருக்கிற பக்கம் அறிவிப்புப் பலகைதான்.

எந்திரங்களிலும் இரண்டு சாதி உண்டு. முதலாவது, மொழிபெயர்ப்புக்கென்றே கட்டியவை. 2017-இல் தமிழுக்கு வந்த கூகுளின் நரம்பியல் மொழிபெயர்ப்பு இந்த வகை. இவை பெரும்பாலும் ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்துப் போகும். தொழில்முறைச் சேவைகளில் சொற்பட்டியல் கோப்பை ஏற்றலாம், ஆனால் "இது அம்மாக்களுக்கான விளம்பரம்" என்று சொல்லிப் புரியவைக்க அநேகமாக வழியிருக்காது. இரண்டாவது, சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள். இவற்றிடம் விளக்கத்தையும் உதாரணத்தையும் சேர்த்தே கொடுக்கலாம். மூன்று தாள்களும் முழுதாக எடுபடுவது இந்த இரண்டாவது வகையில்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எந்திரம் வாய்ப்பை வைத்துத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்கிறது. நாம் சொல்லாத இடத்தைப் பழக்கத்தால் நிரப்புகிறது. தமிழில் அதன் பழக்கம் அறிவிப்பு மொழியின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

## வெறுமனே கொடுத்தால் வருவது

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்காக ஒரு டிபன் பாக்ஸ் விளம்பரம். ஆங்கில மூலம் இது:

```
Back to school? Pack with confidence.
Our leak-proof steel lunch box keeps sambar where it belongs.
3 containers. Light enough for small hands.
Save ₹200 when you buy two. Offer ends Sunday.
Shop now
```

எந்தக் குறிப்பும் இல்லாமல் கொடுத்தால் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும். எந்திரத்துக்கு எந்திரம் வார்த்தை மாறலாம், சாயல் மாறாது.

```
மீண்டும் பள்ளிக்கு? நம்பிக்கையுடன் பேக் செய்யவும்.
எங்கள் கசிவு-தடுப்பு எஃகு மதிய உணவுப் பெட்டி சாம்பாரை
அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறது.
3 கொள்கலன்கள். சிறிய கைகளுக்குப் போதுமான அளவு இலகுவானது.
நீங்கள் இரண்டு வாங்கும்போது ₹200 சேமிக்கவும்.
சலுகை ஞாயிற்றுக்கிழமை முடிவடைகிறது.
இப்போது ஷாப்பிங் செய்யவும்
```

இலக்கணப் பிழை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் இதைப் படித்து யாரும் டிபன் பாக்ஸ் வாங்க மாட்டார்கள். ஏன் என்று வகை பிரித்துப் பார்ப்போம்.

"சேமிக்கவும்" என்பது பொருள் பிழை. உண்டியலில் போடுவதுதான் சேமிப்பு. விலையில் குறைவது மிச்சம் அல்லது தள்ளுபடி. "கொள்கலன்", "எஃகு", "மதிய உணவுப் பெட்டி" மூன்றும் சொல் பிழை. அகராதியில் சரி, வீட்டில் யாரும் சொல்வதில்லை. துறைமுகத்தில் கொள்கலன் இருக்கட்டும், சமையலறையில் இருப்பது டப்பா. "செய்யவும்" என்று முடிவதெல்லாம் தொனிப் பிழை. வங்கிப் படிவத்தில் கையெழுத்திடச் சொல்லும் குரல் அது.

"leak-proof" இங்கே ஏதோ தப்பித்துவிட்டது. இந்தச் சொல்லை "கசிவு ஆதாரம்" என்று மொழிபெயர்த்த பொருள் விவரங்களை இணையக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கசிந்ததற்குச் சாட்சி வைத்துக்கொண்டு விற்கிற மாதிரி.

## முதல் தாள்: சூழல் குறிப்பு

சூழல் குறிப்பு என்பது, வாசகத்தில் எழுதப்படாத, ஆனால் எழுதியவருக்குத் தெரிந்திருந்த விஷயங்களின் சிறு பட்டியல். ஆறேழு வரி போதும். நம் விளம்பரத்துக்கு அது இப்படி வரும்:

```
தெரிந்துகொள்ள மட்டும்; வாசகத்தில் சேர்க்க வேண்டாம்.
படிப்பவர்: தமிழ்நாட்டில் 1–3ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்.
வரும் இடம்: வாட்ஸ்அப் படத்தின் கீழ் வாசகம். கடைசி வரி மட்டும் பட்டன்.
பொருள்: மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அடி டப்பாவில்
மட்டும் சிலிக்கோன் வளையம் உண்டு; அது மட்டுமே ஒழுகாது.
சலுகை: இரண்டு சேர்த்து வாங்கினால் மொத்த விலையில் ரூ.200 குறையும்.
முடிவு: ஞாயிறு இரவு 12 மணி.
மூலத்துக்கும் இந்தக் குறிப்புக்கும் முரண் வந்தால் குறிப்பே சரி.
```

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. "மொத்த விலையில்" என்று சொல்லாவிட்டால், ஒன்றுக்கு 200 என்று ஒருவரும் இரண்டுக்கும் சேர்த்து 200 என்று இன்னொருவரும் படிக்க இடமிருக்கிறது. ஆங்கிலத்திலும் அந்தக் குழப்பம் உண்டு, எந்திரம் அதை அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்யும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சலுகை முடிந்துவிடுமா என்ற கேள்விக்கு "முடிவு" வரி பதில் சொல்கிறது.

சிலிக்கோன் வளையம் பற்றிய வரிதான் இந்தத் தாளிலேயே முக்கியமானது. ஆங்கில வாசகம் முழு டிபன் பாக்ஸும் ஒழுகாது என்கிறது. பொருளை வடிவமைத்தவருக்கு அடி டப்பா மட்டும்தான் ஒழுகாது என்று தெரியும். எந்திரம் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காது, சொன்னதைத்தான் நம்பும். மேல் டப்பாவில் ரசம் ஊற்றி அனுப்பிய பெற்றோர் மறுநாள் என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். மூலம் ஒன்று சொல்லி குறிப்பு வேறொன்று சொன்னால் எந்திரம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் எது மேல் என்று கடைசி வரியில் சொல்லிவிடுகிறோம்.

"தெரிந்துகொள்ள மட்டும்" என்ற முதல் வரியை விட்டுவிட்டால் வேறொரு கோளாறு வரும். குறிப்பில் உள்ளது விளம்பரத்துக்குள் கசியும். "1–3ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரே!" என்று வரைவு தொடங்கும். கண்டுபிடிப்பது எளிது. மூலத்தில் இல்லாத எண்ணோ தகவலோ வரைவில் இருந்தால் அது குறிப்பிலிருந்து வழிந்தது. நாம் கேட்டே சேர்த்த திருத்தங்கள் மட்டும் விதிவிலக்கு.

வரும் இடம் எது என்பதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நீளம். எஸ்எம்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் அந்த அளவு 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. கணினிக்கு "க" ஒன்று, "கி" இரண்டு, "க்" இரண்டு. "டிபன் பாக்ஸ் 2 வாங்கினால் ரூ.200 மிச்சம்" என்ற வரியைக் கண்ணால் எண்ணினால் இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 26 வரும். எஸ்எம்எஸ் கணக்கில் அது 40. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் வாசகத்தை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அனுப்பும் நேரத்தில் வார்த்தையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது. "70 இடத்துக்குள்" என்று எந்திரத்திடம் சொல்லலாம், ஆனால் அது எண்ணுவதை நம்ப முடியாது. நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுருக்கம்: சூழல் குறிப்பு பொருள் பிழையைத் தடுக்கிறது. யாருக்கு, எங்கே, எந்தப் பொருள், என்ன சலுகை, முரண் வந்தால் எது மேல். இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.

## இரண்டாம் தாள்: சொற்பட்டியல்

இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இந்தத் தமிழ்ச் சொல்தான் என்று முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைக்கும் பட்டியல் இது. அழுத்தம் "தீர்மானித்து" என்பதில் இருக்கிறது. ஸ்டீலா, எவர்சில்வரா? இரண்டும் மக்கள் சொல்வதுதான். பாத்திரக் கடைப் பலகையில் எவர்சில்வர் இருக்கும், இளம் பெற்றோர் ஸ்டீல் என்பார்கள். எது சரி என்பதில் பெரிய விஷயம் இல்லை. படத்தில் எவர்சில்வர், வாட்ஸ்அப்பில் ஸ்டீல், இணையப் பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு என்று மூன்றும் வந்தால் மூன்று வெவ்வேறு பொருள் போலத் தெரியும். உட்கார்ந்து பேசி ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட வேண்டும்.

மொழி மாதிரிக்குக் கொடுக்கும் பட்டியலில் மூன்று பத்திகள் இருந்தால் நல்லது: ஆங்கிலச் சொல், வேண்டிய சொல், வேண்டாத சொல்.

```
lunch box  | டிபன் பாக்ஸ் | மதிய உணவுப் பெட்டி
steel      | எவர்சில்வர்  | எஃகு
container  | டப்பா        | கொள்கலன்
leak-proof | ஒழுகாத       | கசிவு-தடுப்பு, சிந்தாத
save ₹     | மிச்சம்       | சேமிக்கவும்
shop now   | இப்போதே வாங்குங்கள் | ஷாப்பிங் செய்யவும்
```

"ஒழுகாத" என்று எடுத்து "சிந்தாத" என்பதைத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. மூடிய டப்பாவின் ஓரத்திலிருந்து வருவது ஒழுகல். திறந்த டப்பா சாய்ந்தால் வருவது சிந்தல். சிலிக்கோன் வளையம் முதலாவதைத்தான் தடுக்கும். பெரிய வித்தியாசமில்லாத விஷயம் போலத் தோன்றினாலும், இரண்டாவது சொல்லைப் போட்டால் பொருளால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்ததாகிவிடும்.

எத்தனை வரி? ஒரு விளம்பரத் தொகுப்புக்குப் பதினைந்து, இருபது போதும். நூறு வரி வைத்தால் இன்னும் நன்றாக வரும் என்று நினைப்பது தவறு, சில சமயம் கெடுதலும் கூட. பல பொருள் தரும் சாதாரணச் சொல்லைப் பட்டியலில் போட்டால் எந்திரம் அதை எல்லா இடத்திலும் திணிக்கும். `light` என்பதற்கு "லேசான" என்று எழுதிவைத்தால், அடுத்த மாதம் விளக்கு விளம்பரத்தில் "லேசான" எரியும். அப்படிப்பட்ட சொல்லைச் சூழல் குறிப்பு பார்த்துக்கொள்ளட்டும். பட்டியலில் இருக்க வேண்டியவை பொருளின் பெயர், உறுப்புகளின் பெயர், சலுகைச் சொற்கள், பட்டன் வாசகம், மொழிபெயர்க்கக் கூடாத பெயர்கள்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலச் சொல் வேற்றுமைக்கு ஏற்ப அவ்வளவாக உருமாறாது. தமிழ்ச் சொல் மாறிக்கொண்டே இருக்கும். "கட்டணம்" என்று பட்டியலில் எழுதுகிறீர்கள். வாக்கியத்தில் அது "கட்டணத்தில்", "கட்டணமும்", "கட்டணமின்றி" என்று வர வேண்டும். மொழிபெயர்ப்புக்கென்றே கட்டிய எந்திரங்கள் பலவற்றில் சொற்பட்டியல் கிட்டத்தட்ட வெட்டி ஒட்டும் வேலை என்பதால், "டெலிவரி கட்டணம் இல் மிச்சம்" என்று உருபு தனியே தொங்கும். மொழி மாதிரியிடம் "நடுப் பத்தியில் உள்ளது அடிச்சொல், வாக்கியத்துக்கு ஏற்ப உருபு சேர்க்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். வெட்டி ஒட்டும் வகைக்கு, உருபு சேர்ந்தாலும் உருமாறாத சொல்லாகப் பார்த்து வைக்கலாம். "எவர்சில்வர்" பெயருக்கு முன்னால் அடையாகத்தான் வரும் என்பதால் தொல்லை இல்லை.

சரிபார்க்கும்போதும் இதே விஷயம் காலை வாரும். பட்டியல் சொல் எல்லா இடத்திலும் வந்திருக்கிறதா என்று "கட்டணம்" என்று தேடினால் "கட்டணத்தில்" அகப்படாது. அடிச்சொல்லின் மாறாத பகுதியான "கட்டண" என்று தேட வேண்டும். "டிபன் பாக்ஸ்" வேண்டுமா, "டிபன் பாக்" வரை தேடுங்கள். வேண்டாத சொற்களுக்கும் அப்படியே. "கொள்கலன்" என்பதற்கு "கொள்கல" போதும்.

பட்டியலை எக்ஸெலில் வைத்திருப்பவர்கள் கோப்பாக எடுக்கும்போது யுடிஎஃப்-8 வகை சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியாக எடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். எக்ஸெல் மூலக் கோப்பைத் தனியே சேமித்து வைக்காவிட்டால், மூடிய பிறகு அதை மீட்கவும் முடியாது.

இலங்கைக்கும் அதே விளம்பரம் போகிறதென்றால் தனிப் பட்டியல் தேவை. அங்கே பள்ளி பாடசாலையாகும், தள்ளுபடி பல இடங்களில் விலைக்கழிவு. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது என்ற சூழல் குறிப்பும் அங்கே செல்லாது.

சுருக்கம்: சொற்பட்டியல் என்பது தீர்மானங்களின் பதிவு. சிறிதாக இருக்கட்டும். வேண்டாத சொல்லையும் எழுதுங்கள். அடிச்சொல்லாகக் கொடுத்து அடிச்சொல்லாகத் தேடுங்கள்.

## மூன்றாம் தாள்: தொனிக் குறிப்பு

அதிகம் சொதப்புகிற தாள் இதுதான். "நட்பாக, இளமையாக, உற்சாகமாக எழுது" என்று எழுதுவார்கள். எந்திரம் உற்சாகத்தை ஆச்சரியக்குறியாகப் புரிந்துகொள்ளும். நட்பு என்றால் "உங்கள் அன்பான குழந்தைக்காக" என்று குழையும். அடைமொழியில் தொனியைச் சொல்ல முடியாது. தமிழில் தொனி குடியிருப்பது வினைமுற்றில்.

ஒரே கட்டளையைப் பாருங்கள். "வாங்கவும்" என்பது அறிவிப்புப் பலகை. "வாங்குங்கள்" மரியாதையான எழுத்து. "வாங்குங்க" கடைக்காரரின் பேச்சு. "வாங்கு" நண்பனுக்கு. நான்கில் எது வேண்டும் என்று தீர்மானித்து எழுதிவிட்டால் தொனிக் குறிப்பில் பாதி முடிந்தது. அதைச் சொல்லாவிட்டால் எந்திரம் முதல் வரியில் "வாங்குங்க" என்று தொடங்கி நான்காவது வரியில் "பெறவும்" என்று அரசாணைக்குப் போய்விடும். வாசகம் நீளமாக இருந்தால் இந்த நழுவல் கூடும். நீண்ட உரையைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, ஒவ்வொரு பகுதியோடும் மூன்று தாளையும் மறுபடி இணைப்பது நல்லது.

அடுத்தது "நீங்கள்", "உங்கள்". ஆங்கிலத்துக்கு அவை இல்லாமல் முடியாது. தமிழில் வினைமுற்றே அதைச் சொல்லிவிடுகிறது. "மொத்த வாசகத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்" என்று வரம்பு போடுங்கள். இந்த ஒரு விதியே மொழிபெயர்ப்பு வாடையில் கணிசமான பங்கைப் போக்கிவிடும்.

மீதிப் பாதிக்கு உதாரண ஜோடி வேண்டும். ஆங்கில வரி, விரும்பும் தமிழ், விரும்பாத தமிழ். இரண்டு மூன்று போதும்.

```
Keeps water cool till lunch.
வேண்டும்: மத்தியானம் வரை தண்ணீர் சில்லென்று இருக்கும்.
வேண்டாம்: மதிய உணவு வரை தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது.

Choose your colour.
வேண்டும்: பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
வேண்டாம்: உங்கள் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும்.
```

இரண்டாவது ஜோடியில் "உங்கள் நிறம்" என்பது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

உதாரணங்கள் தண்ணீர் பாட்டிலைப் பற்றி இருப்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே அப்படி வைத்தது. டிபன் பாக்ஸ் விளம்பரத்துக்கு டிபன் பாக்ஸ் உதாரணமே கொடுத்தால், எந்திரம் அந்த வரியை அப்படியே தூக்கி வரைவில் வைத்துவிடும். வேறு பொருளைப் பற்றிய உதாரணத்தில் அதற்கு நகலெடுக்க ஒன்றுமில்லை, நடையை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

முதல் ஜோடியில் இன்னொரு பாடம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பாட்டில் தண்ணீரை "வைத்திருக்கிறது". தமிழில் தண்ணீர் தானே சில்லென்று "இருக்கும்". உயிரில்லாத பொருளை எழுவாயாக்கி வேலை செய்யவைப்பது ஆங்கிலப் பழக்கம். நல்ல ஜோடி ஒன்று இதை எந்திரத்துக்குச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. விதியாக எழுதப் போனால் நான்கு வரி ஆகும்.

## மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்

சூழல், சொற்பட்டியல், தொனி, கடைசியில் மூலம் என்ற வரிசையில் கொடுக்கலாம். இப்போது வரும் வரைவு ஏறக்குறைய இந்தத் தரத்தில் இருக்கும்:

```
பள்ளி திறக்கிறது. கவலையில்லாமல் சாப்பாடு கட்டிக் கொடுங்கள்.
ஒழுகாத அடி டப்பா. சாம்பார் அதன் இடத்திலேயே இருக்கும்.
மூன்று டப்பா எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சின்னக் கைகளுக்குப் போதுமான லேசு.
இரண்டு வாங்கினால் மொத்தத்தில் ரூ.200 மிச்சம். ஞாயிறு இரவு 12 மணி வரை.
இப்போதே வாங்குங்கள்
```

முதல் வரைவோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். "சாப்பாடு கட்டிக் கொடுங்கள்" என்பது வீட்டில் பேசும் தமிழ். ஆனாலும் இது வரைவுதான். "அதன் இடத்திலேயே" என்பதில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. "போதுமான லேசு" தமிழே இல்லை. இந்த இரண்டும் எந்தத் தாளாலும் சரியாகாது, மனிதர் கைவைக்க வேண்டிய இடம். "சாம்பார் டப்பாவிலேயே இருக்கும், புத்தகப் பைக்கு வராது" என்று ஒரு வரியை மாற்றி, "சின்னக் கை தூக்கும் அளவுக்கு லேசு" என்று இன்னொன்றை மாற்றினால் முடிந்தது. ஐந்து வரியையும் புதிதாக எழுதுவதற்குப் பதில் இரண்டு இடத்தில் கை வைக்கிறோம். இந்த வேலையால் கிடைக்கும் லாபம் அந்த அளவுதான்.

## எந்தத் தாளைத் திருத்துவது

வரைவு கெட்டிருந்தால் மூன்று தாளையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். பிழையின் வகையைப் பார்த்து ஒரு தாளை மட்டும் தொடுங்கள். சலுகை தவறாகப் புரிந்திருந்தால் சூழல். எஃகு மறுபடி வந்திருந்தால் சொற்பட்டியல். "செய்யவும்" தலைகாட்டினால் தொனி. மாற்றியபின் பழைய உரையாடலிலேயே தொடராமல் புதிதாகத் தொடங்கிக் கொடுங்கள். பழைய வரைவு மேலே கிடந்தால் அதுவும் ஒரு குறிப்பாக வேலை செய்து, தவறான சொற்களைத் திரும்ப இழுத்துவரும்.

தமிழ் தெரியாத மேலாளர்கள் பலர் நம்பியிருக்கும் சோதனை, தமிழை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது. பொருள் பிழைக்கு அது ஓரளவு உதவும். தொனிப் பிழைக்கு உதவவே உதவாது. "நம்பிக்கையுடன் பேக் செய்யவும்" என்பதைத் திருப்பிப் போட்டால் அச்சு அசலாக `Pack with confidence` என்று வரும். மேலாளர் மகிழ்ந்துபோவார். "கவலையில்லாமல் சாப்பாடு கட்டிக் கொடுங்கள்" என்பதைத் திருப்பினால் மூலத்திலிருந்து விலகித் தெரியும், "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேள்வி வரும். ஆங்கிலத்தை ஒட்டி எழுதிய தமிழ்தான் இந்தச் சோதனையில் ஜெயிக்கும்.

அந்த இடத்தில் வேண்டியது, அந்த விளம்பரத்தைப் படிக்கப்போகிற மாதிரி ஒருவரிடம் மூலத்தைக் காட்டாமல் தமிழை மட்டும் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. எந்த வரியில் அவர் நின்று மறுபடி தொடங்குகிறாரோ அங்கே அடிக்கோடு போடுங்கள். பிறகு இரண்டு கேள்வி: எவ்வளவு மிச்சம், எதுவரை? இரண்டுக்கும் சட்டென்று பதில் வந்தால் சலுகை வரி சரி. அடிக்கோடு விழுந்த வரியைத் திருத்தியதும், பழைய வடிவத்தை "வேண்டாம்" என்றும் புதியதை "வேண்டும்" என்றும் தொனித் தாளில் ஒரு ஜோடியாக எழுதி வையுங்கள். தீபாவளிக்குக் குக்கர் விளம்பரம் வரும்போது அந்த டிபன் பாக்ஸ் ஜோடியை உதாரணமாகக் கொடுக்கலாம்.